திறந்திருந்த கடைக்கு மூடிய பதில்: ஒரு தையல் சாமான் கடையின் வாட்ஸ்அப் பிசினஸ்

நூல், பட்டன், ஜிப், லேஸ், லைனிங் துணி விற்கும் சின்னக் கடை அது. நடத்துவது ஒரே ஆள். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாலையில் கூட்டம் வரும்போது மட்டும் உதவிக்கு ஒரு பெண் வருவார். கடைக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. தையல்காரர்கள் துணியைப் படமெடுத்து அனுப்பி, "இதுக்குப் பொருத்தமா நூல் இருக்கா?" என்று கேட்பார்கள். கையில் கத்தரிக்கோலும் அளவுகோலும் இருக்கும் அக்காவால் உடனுக்குடன் பதில் போட முடியாது. அதற்காகத்தான் சாதாரண வாட்ஸ்அப்பை விட்டு வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறினார். மாறிய அன்று இரவு, கடையைப் பூட்டும் அவசரத்தில், தானாகப் பதில் போகும் வசதியையும் போட்டுவிட்டார்.

சில நாள் கழித்து ஒரு தையல்காரம்மா கடைக்குள் வந்து போனை நீட்டினார். "காலையில மெரூன் கலர் ஜிப் கேட்டேன். கடை மூடியிருக்குன்னு வந்துச்சு. சரின்னு வேற கடையில வாங்கிட்டேன். இப்போ இந்தப் பக்கமா வந்தா நீங்க உள்ளே உட்கார்ந்திருக்கீங்க!" அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று காலை பத்து மணியிலிருந்து கடை திறந்துதான் இருந்தது.

எனக்குப் போன் வந்தது. "தம்பி, இதை எடுத்துடலாமா? பதில் போடாம இருந்தாக்கூட காத்திருப்பாங்க. தப்பான பதில் போனா போயிடுறாங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்த விஷயத்தின் சாரம். பதில் வராத வாடிக்கையாளர் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார். "மூடியிருக்கிறது" என்று பதில் வந்துவிட்டால் அவர் காத்திருக்கக் காரணமே இல்லை. அதனால் எடுத்துவிடச் சொல்லாமல், எங்கே பிசகியது என்று பார்க்க அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன்.

ஒரே ஒரு தேர்வு

ஆண்ட்ராய்டு போனில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு `Business tools` போனால் `Away message` இருக்கும், தானாகப் பதில் போகும் அந்த வசதி இதுதான். ஐபோனில் `Settings` வழியாக அதே `Business tools`. உள்ளே, மெசேஜை எழுதும் இடத்துக்குக் கீழே `Schedule` என்று ஒன்று வரும். அதில் மூன்று தேர்வுகள்: `Always send`, `Custom schedule`, `Outside of business hours`.

அக்காவின் போனில் `Always send` தேர்வாகி இருந்தது. பெயரே சொல்வதுபோல அது எல்லா நேரமும் அனுப்பும். கடை திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்பதை அது பார்க்காது. அக்கா எழுதியிருந்த வாசகமோ "கடை மூடியிருக்கிறது" என்பது. வாசகம் இரவுக்கு, அட்டவணை நாள் முழுவதற்கும். பகலில் கேட்டவர்களுக்கும் அதே பதில் போயிருக்கிறது.

ஏன் இத்தனை நாள் அக்காவின் கண்ணில் படவில்லை? சாட்டைத் திறந்தால் அந்தப் பதில் வலப்பக்கத்தில், அவரே தட்டி அனுப்பிய மெசேஜைப்போலவே நிற்கிறது. உதவிக்கு வரும் பெண் அனுப்பியிருப்பாள் என்று அக்கா நினைத்திருக்கிறார். அக்கா அனுப்பியிருப்பார் என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறார். தானாகப் பதில் போடும் எந்தக் கடைக்காரரும் வாரத்துக்கு ஒருமுறையாவது ஐந்தாறு சாட்டுகளைத் திறந்து, வலப்பக்கம் நிற்பதில் எது தன் கை எழுதியது, எது தானாகப் போனது, அது எத்தனை மணிக்குப் போனது என்று பார்க்க வேண்டும். தவறு அங்கேதான் தெரியும். வேறு எச்சரிக்கை எதுவும் வராது.

சரிசெய்ய `Outside of business hours` தேர்வுக்கு மாற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கடையின் பிசினஸ் புரொஃபைலில் `Business hours` நிரப்பியிருக்க வேண்டும். எது வேலை நேரம் என்று தெரிந்தால்தான் எது அதற்கு வெளியே என்று அது கணக்கிட முடியும். அக்கா புரொஃபைலில் கடைப்பெயரும் படமும் மட்டும் போட்டிருந்தார். திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் இரவு 8 வரை என்றும், ஞாயிறு விடுமுறை என்றும் நிரப்பினோம். பிறகு அட்டவணையை மாற்றினோம்.

ஒரு டிக், இரண்டு டிக்

அன்றிரவு பத்தரை மணிக்கு என் வீட்டில் இருந்த இன்னொரு எண்ணிலிருந்து கடைக்கு "வணக்கம், ஜிப் இருக்கா?" என்று அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். வரவில்லை.

திரையைப் பார்த்தபோது காரணம் அங்கேயே இருந்தது. என் மெசேஜுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிக். அதாவது மெசேஜ் அக்காவின் போனுக்குப் போய்ச் சேரவே இல்லை. காலையில் கேட்டதற்கு, "ராத்திரி தூங்கும்போது நெட்டை அணைச்சிடுவேன் தம்பி, இல்லைன்னா டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே இருக்கும்" என்றார்.

இந்தத் தானியங்கிப் பதில் போகக் கடைப் போனில் இணைய இணைப்பு இருந்தாக வேண்டும். போன் அணைந்திருந்தாலும், டேட்டாவை நிறுத்தி வைத்திருந்தாலும் பதில் போகாது. இரவுக்காகவே வைத்த வசதி, இரவில் போனை அணைத்து வைப்பவருக்குப் பயன்படாமல் போவது இதனால்தான். பல கடைக்காரர்கள் "போட்டேன், ஆனா வேலை செய்யலை" என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அக்கா வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் இணைக்கவில்லை, போனில் மட்டும்தான் வைத்திருக்கிறார். அதனால் இந்தச் சோதனை அவருக்கு எளிது. வேறு எண்ணிலிருந்து அனுப்பும்போது ஒரு டிக்கிலேயே நின்றால் கோளாறு இணைப்பில். இரண்டு டிக் விழுந்தும் பதில் வரவில்லையென்றால் கோளாறு செட்டிங்கில். டேட்டாவை அணைக்காமல், நோட்டிஃபிகேஷன் சத்தத்தை மட்டும் இரவில் நிறுத்தி வைக்கச் சொன்னேன். மறுநாள் இரவு இரண்டு டிக் விழுந்தது, பதிலும் வந்தது.

யாருக்குப் போக வேண்டும்

அதே பக்கத்தில் `Recipients` என்று இன்னொரு தேர்வு இருக்கிறது. `Everyone` என்று வைத்தால் எல்லோருக்கும் போகும். அக்காவின் தங்கை இரவு ஒன்பதரைக்கு "சாப்டியா?" என்று கேட்டதற்கு "தற்போது கடை மூடியிருக்கிறது. விரைவில் தொடர்பு கொள்கிறோம்" என்று போய்விட்டது. தங்கை அதைப் படமெடுத்துக் குடும்பத்தில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

அக்கா தானே அதை `Everyone not in address book` என்று மாற்றினார். போனில் சேமிக்காத எண்களுக்கு மட்டும் போனால் போதும், வீட்டாருக்குப் போகாது என்ற கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அவருடைய நல்ல வாடிக்கையாளர்கள் எல்லோரையும் அவர் பெயரோடு சேமித்து வைத்திருக்கிறார்: "டைலர் கலா அக்கா", "யூனிஃபார்ம் சார்" என்று. அடிக்கடி வாங்குபவர்களுக்குப் பதில் நின்றுபோய், புதியவர்களுக்கு மட்டும் போக ஆரம்பித்தது. கடைக்கு எது தேவையோ அதற்கு நேர் எதிர்.

கடைசியில் `Everyone except...` வைத்து, வீட்டார், மொத்த வியாபாரிகள் என்று பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்து விலக்கினோம். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே எண் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பொருந்தும். புதிதாக ஒரு மொத்த வியாபாரியைச் சேமித்தால் அவரையும் இங்கே வந்து சேர்க்க வேண்டும், அது தானாக நடக்காது.

வாசகம்

செட்டிங் சரியானதும் வாசகத்துக்கு வந்தோம். அக்கா முதலில் எழுதியிருந்தது இது:

"தங்கள் செய்திக்கு நன்றி. தற்போது கடை மூடியிருக்கிறது. விரைவில் தொடர்பு கொள்கிறோம்."

மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் படிப்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. "விரைவில்" என்றால் பத்து நிமிடமா, நாளை மதியமா? அவசரமாக ஜாக்கெட் முடிக்க வேண்டிய தையல்காரர் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதோடு அந்த வாசகம் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது. வாடிக்கையாளர் மேற்கொண்டு எதுவும் எழுத மாட்டார். காலையில் அக்கா "என்ன கலர்?" என்று கேட்க வேண்டும், அவர் வேலையிலிருந்து எழுந்து படம் அனுப்ப வேண்டும், "எத்தனை இஞ்ச்?" என்று கேட்க வேண்டும். ஒரு ஜிப்புக்கு நாலைந்து தடவை போய் வரும்.

மாற்றி எழுதினோம்:

"கடை இரவு 8 மணிக்கு மூடியாச்சு. காலை 10 மணிக்குத் திறப்போம், ஞாயிறு மட்டும் விடுமுறை. திறக்கும் அன்று 11 மணிக்குள் உங்களுக்குப் பதில் வரும். துணியின் படம், வேண்டிய அளவு, எத்தனை வேண்டும் என்பதை இப்போதே அனுப்பி வையுங்கள். காலையில் பார்த்து எடுத்து வைத்துச் சொல்கிறேன்."

11 மணி என்று எழுத அக்கா தயங்கினார். "சொல்லிட்டா செஞ்சாகணுமே தம்பி." ஆமாம், செய்தாக வேண்டும். அதனால்தான் 10 என்று எழுதாமல் 11 என்று எழுதினோம். ஷட்டரைத் தூக்கி, கூட்டி, முதல் ஆளைக் கவனித்த பிறகு மெசேஜ்களைப் பார்க்க அவருக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தை அவரே சில நாள் கவனித்துச் சொன்னார்.

புது வாசகம் வந்த பிறகு இரவு மெசேஜ்களில் பாதிக்கு மேல் படமும் அளவும் சேர்ந்தே வரத் தொடங்கின. காலையில் அக்கா நூல் பெட்டியைத் திறந்து, படத்துக்குப் பக்கத்தில் நூல்கண்டை வைத்துப் பார்த்து, ஒரே பதிலில் முடித்துவிடுகிறார்.

ஒரு புதுச் சிக்கலும் வந்தது. சாட் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே கடைசி மெசேஜின் முதல் வரி தெரியும். இரவில் வந்த எல்லாச் சாட்டிலும் "கடை இரவு 8 மணிக்கு..." என்று அக்காவின் பதிலே கடைசியாக நிற்பதால், மேலோட்டமாகப் பார்த்தால் எல்லோருக்கும் பதில் சொல்லி முடித்ததுபோல இருக்கும். இரண்டு பேரை அப்படித் தவறவிட்டார். இப்போது காலையில் முந்தைய இரவு எட்டு மணிக்குப் பிந்தைய சாட்டிலிருந்து தொடங்கி, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறார். நூல் பார்க்க நேரம் ஆகும் என்று தோன்றும் சாட்டை அழுத்திப் பிடித்துப் படிக்காததாகக் குறித்து வைக்கிறார். அப்படிக் குறித்ததும் சாட்டின் பக்கத்தில் வரும் புள்ளி போகாமல் நின்றால் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

`Greeting message` பற்றியும் ஒரு வார்த்தை. அது முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் போவது. அதற்கு நேர அட்டவணை கிடையாது. அக்கா அதில் "வணக்கம், இதோ பதில் சொல்கிறோம்" என்று எழுதியிருந்தார். நள்ளிரவிலும் அதே வாசகம் போகும் என்பதால் "இதோ" என்பதை எடுத்துவிட்டு, கடை என்ன விற்கிறது என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

பகலுக்கு: குயிக் ரிப்ளை

இரவு சரியாகிவிட்டது. பகலில் கைவேலை இருக்கும்போது என்ன செய்வது என்பதே அக்காவின் முதல் கவலை. அதற்கு `Quick replies`. இது தானாகப் போவதில்லை. நாம் முன்கூட்டியே எழுதி வைத்த பதிலை, ஒரு சுருக்கச் சொல்லைத் தட்டி எடுப்பது. `Business tools` உள்ளே `Quick replies` போய், பதிலையும் அதற்கான `Shortcut` என்பதையும் எழுதிச் சேமிக்க வேண்டும். பிறகு எந்தச் சாட்டிலும் `/` தட்டினால் பட்டியல் வரும், தொட்டால் அந்த வாசகம் எழுதும் பெட்டிக்குள் வந்து உட்காரும்.

50 வரை சேமிக்கலாம். அக்கா ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 23 எழுதிவிட்டார். திங்கட்கிழமை எது எதற்கு என்று நினைவில்லை, பட்டியலில் தேடும் நேரத்தில் கையால் எழுதியிருக்கலாம். அதனால் பழைய சாட்டுகளில் ஒரு வாரத்து அளவை எடுத்து, அவர் கையால் திரும்பத் திரும்ப எழுதியது எது என்று பார்த்தோம். உண்மையில் திரும்ப வந்தவை ஆறுதான். கடை நேரம், கடைக்கு வழி, பணம் செலுத்தும் முறை, அளவு கேட்பது, இருப்பு சொல்வது, எடுத்து வைத்த சரக்கை எத்தனை நாளில் வந்து வாங்க வேண்டும் என்பது. மற்ற 17-ஐயும் அழித்தோம். சுருக்கங்களை அக்கா நினைக்கும் சொல்லிலேயே வைத்தோம்: `/neram`, `/vazhi`, `/panam`, `/alavu`, `/iruppu`, `/vaanga`.

இதில் ஐந்து பதில்கள் மாறாதவை அல்லது எப்போதாவது மாறுபவை. `/iruppu` மட்டும் வேறு ஜாதி. அக்கா முதலில் எழுதியது: "ஆமாம், இருக்கிறது. உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்." கூட்டத்தில் ஒரு நாள், ஒருவர் 22 இஞ்ச் கறுப்பு ஜிப் கேட்டார். அக்கா பழக்கத்தில் `/iruppu` தட்டி அனுப்பிவிட்டார். அந்த அளவு முந்தைய நாளே தீர்ந்திருந்தது. வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று.

கையால் எழுதும்போது "22 இஞ்ச் கறுப்பு" என்று விரல் எழுதும், அந்த நேரத்தில் கண் பெட்டிப் பக்கம் போகும். தயார் வாசகம் அந்த நொடியை எடுத்துவிட்டது. ஆகவே அந்த நொடியைத் திரும்ப வாசகத்துக்குள்ளேயே வைத்தோம்:

"* இருக்கிறது, பார்த்துவிட்டேன். * எண்ணிக்கை எடுத்து வைக்கிறேன்."

குயிக் ரிப்ளை நேரே அனுப்பப்படுவதில்லை, பெட்டிக்குள் வந்து நிற்கிறது என்பதால் இது சாத்தியமாகிறது. நட்சத்திரத்தை அழித்துப் பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதாமல் அனுப்பினால் வாசகம் அசிங்கமாக இருக்கும். அந்த அசிங்கம் கண்ணை நிறுத்துகிறது. இரண்டு முறை நட்சத்திரத்தோடேயே போய்விட்டது, வாடிக்கையாளர் "என்னக்கா இது?" என்று கேட்டார். அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இல்லாத ஜிப்பை இருக்கிறது என்று சொல்வதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

அவசரக் கூட்டத்துக்காக ஏழாவதாக ஒன்று சேர்த்தார், `/poruthu`: "பார்த்துவிட்டேன். கடையில் கூட்டம், அரை மணியில் சொல்கிறேன்." பகலில் தானியங்கிப் பதில் போட்டு வைத்திருந்த இடத்தை உண்மையில் நிரப்ப வேண்டியது இந்த ஒரு வரிதான். ஒரு ஆள் பார்த்துவிட்டு அனுப்பியது என்பது கேட்டவருக்கும் தெரிகிறது.

மூன்று இடத்தில் ஒரே நேரம்

ஒரு சீசனில் கடையை இரவு ஒன்பது வரை நீட்டினார். `/neram` பதிலை உடனே மாற்றிவிட்டார். புரொஃபைலில் உள்ள நேரத்தை மாற்றவில்லை. எட்டு மணி தாண்டியதும், உள்ளே விளக்கெரிய வியாபாரம் நடந்துகொண்டிருக்க, "கடை மூடியாச்சு" மறுபடி போனது. முதல் தவறே வேறு வழியாகத் திரும்பி வந்தது. நேரம் மூன்று இடத்தில் இருக்கிறது: புரொஃபைலின் `Business hours`, தானியங்கிப் பதிலின் வாசகம், `/neram`. மூன்றும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. பில் புத்தகத்தின் அட்டையில் இந்த மூன்று பெயரையும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்.

விடுமுறைக்கும் இதே கவனம் வேண்டும். மூன்று நாள் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது `Custom schedule` வைத்து, தொடங்கும் தேதி நேரமும் முடியும் தேதி நேரமும் கொடுத்து, வாசகத்தையும் மாற்றிவிட்டுப் போனார். அது சரியாகப் போனது. ஆனால் ஒரு சமயத்தில் ஒரு அட்டவணைதான் இருக்க முடியும். `Custom schedule` முடிந்த பிறகு அது பழைய `Outside of business hours` நிலைக்குத் தானாகத் திரும்பாது. ஊரிலிருந்து வந்த பின் நாலு இரவு எந்தப் பதிலும் போகவில்லை. இப்போது ஊருக்குப் புறப்படும்போதே, திரும்பி வந்து கடை திறக்கும் காலைக்குப் போனில் ஒரு அலாரம் வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார். அலாரத்தின் பெயர் "வாசகம் மாத்து, அட்டவணை மாத்து".

போன வாரம் அந்தத் தையல்காரம்மாவின் சாட்டை அக்கா காட்டினார். இரவு 9:40-க்கு ஒரு பச்சைப் பட்டுத் துணியின் படம், கீழே "14 இஞ்ச், 2". அடுத்து தானாகப் போன பதில். காலை 10:50-க்கு அக்காவின் கை எழுதியது: "14 இஞ்ச் கிளிப்பச்சை ஜிப் இருக்கிறது, பார்த்துவிட்டேன். 2 எண்ணிக்கை எடுத்து வைக்கிறேன்." அதற்குக் கீழே தையல்காரம்மா: "சரிக்கா, மத்தியானம் வர்றேன்."